இழந்த மதிப்பெண்ணுக்குக் கணக்கு எழுதுவோம்

பல்கலைக்கழகப் பருவத்தேர்வில் எண்பது விழுக்காடு பெற்ற மாணவர், அதே பாடத்தில் ஐஐடி முதுநிலைச் சேர்க்கைத் தேர்வான ஜாமில் முப்பதைத் தாண்டாமல் நிற்பதை வேதியியல் துறைகளில் ஆண்டுதோறும் காண்கிறோம். அறிவுக் குறைவு என்று ஒரு சாரார் சொல்வர். பயிற்சி மையத்துக்குச் செல்லாத குறை என்று மறுசாரார் சொல்வர். இரண்டு விளக்கமும் எனக்கு முழுமையாகப் படவில்லை. அம்மாணவர் தம் விரிவுரைக் குறிப்பேட்டைப் பத்துமுறை படித்திருப்பார். அக்குறிப்பேட்டிலிருந்து நேரம் குறித்து, எதிர்மறை மதிப்பெண்ணோடு, ஒருமுறைகூடத் தம்மைத் தாமே தேர்வு செய்திருக்க மாட்டார். அப்படிச் செய்திருந்தாலும், இறுதியில் வந்த கூட்டுத்தொகையை மட்டும் பார்த்து மகிழ்ந்தோ வருந்தியோ தாளை மூடியிருப்பார்.

என் கருத்து இதுதான்: சுயமாக உருவாக்கிய மாதிரித்தேர்வில் கூட்டுத்தொகைக்குப் பெரிய மதிப்பில்லை. இழந்த ஒவ்வொரு மதிப்பெண்ணும் எக்காரணத்தால் போயிற்று என்று எழுதும் மதிப்பீட்டுத் தாளுக்கே மதிப்பு. அத்தாள் அக்காரணத்தைக் காட்ட வேண்டுமானால், வினாத்தாளை உருவாக்கும்போதே அதற்கு வழி செய்திருக்க வேண்டும். எப்படி என்பதை வேதிவினை வேகவியல் என்னும் ஒரே பாடத்தை வைத்து முழுமையாகச் செய்து காட்டுகிறேன். மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் படித்த எவரும் இதைத் தொடர்ந்து வரலாம்.

முதலில் அளவு.

ஜாம் வினாத்தாள் 60 வினாக்கள், 100 மதிப்பெண்கள், 180 நிமிடங்கள் கொண்டது. பகுதி ஏ-வில் நான்கு தெரிவுகளுள் ஒன்று மட்டும் சரியான 30 வினாக்கள். அவற்றுள் 10 வினாக்கள் ஒரு மதிப்பெண், 20 வினாக்கள் இரண்டு மதிப்பெண். தவறான விடைக்கு முறையே 1/3, 2/3 கழிக்கப்படும். பகுதி பி-யில் ஒன்றோ பலவோ சரியாக இருக்கக்கூடிய 10 வினாக்கள், ஒவ்வொன்றும் இரண்டு மதிப்பெண். சரியானவை அனைத்தையும் குறித்து, தவறானது எதையும் குறிக்காமல் இருந்தால்தான் மதிப்பெண். பகுதி மதிப்பெண்ணும் இல்லை, கழிவும் இல்லை. பகுதி சி-யில் எண்ணையே விடையாக இட வேண்டிய 20 வினாக்கள்; பத்து ஒரு மதிப்பெண், பத்து இரண்டு மதிப்பெண்; கழிவு இல்லை.

ஒரே பாடத்துக்கு அறுபது வினாக்கள் தேவையில்லை. பத்தில் மூன்று பங்காகச் சுருக்கினால் கணக்கு பிசிறின்றி அமைகிறது. பகுதி ஏ-வில் 9 வினாக்கள் (மூன்று ஒரு மதிப்பெண், ஆறு இரண்டு மதிப்பெண்), ஆக 15 மதிப்பெண். பகுதி பி-யில் 3 வினாக்கள், 6 மதிப்பெண். பகுதி சி-யில் 6 வினாக்கள் (மூன்று ஒரு மதிப்பெண், மூன்று இரண்டு மதிப்பெண்), 9 மதிப்பெண். மொத்தம் 18 வினாக்கள், 30 மதிப்பெண்கள், 54 நிமிடங்கள். ஒரு மதிப்பெண்ணுக்கு 1.8 நிமிடம் என்னும் விகிதம் மாறவில்லை. இவ்விகிதத்தைக் காப்பது முக்கியம். முப்பது மதிப்பெண்ணுக்கு ஒரு மணி நேரம் என்று வசதிக்காக முழு எண்ணாக்கினால், ஆறு நிமிடம் இலவசமாகக் கிடைக்கிறது. மூன்று மதிப்பெண்ணுக்கு மேற்பட்ட வேலையை அந்நேரத்தில் முடித்துவிடலாம்.

இரண்டாவதாக, திட்ட வரைவு.

ஆசிரியப் பயிற்சி பெற்றோர் புளூபிரிண்ட் என்று அழைக்கும் இதை மாணவர் பெரும்பாலும் விட்டுவிடுகின்றனர். குறிப்பேட்டைத் திறந்து வைத்து, கண்ணில் பட்ட இடத்திலெல்லாம் வினா எழுதத் தொடங்குவர். அப்போது ஒரு சாய்வு தானாகவே நுழைகிறது. தமக்குத் தெளிவாகப் புரிந்த பக்கத்திலிருந்துதான் மனிதரால் எளிதாக வினா எழுத முடியும். புரியாத பக்கத்தில் வினா தோன்றாது. தோன்றினாலும் அதற்கு விடைக்குறிப்பு எழுதக் கை வராது. ஆகவே, திட்டமின்றி எழுதிய சுயத்தேர்வு ஒருவருக்குத் தெரிந்ததையே மீண்டும் கேட்டு, தெரியும் என்றே சான்றளிக்கிறது.

இதைத் தடுக்க, ஒரு வினாவும் எழுதுவதற்கு முன் மதிப்பெண்ணைப் பங்கிட்டுவிட வேண்டும். குறிப்பேட்டில் வேகவியலுக்குப் பத்து விரிவுரைகள் உள்ளன என்று கொள்வோம். விரிவுரைக்கு மூன்று மதிப்பெண். பங்கீடு பின்வருமாறு அமையும்:

1. வினைவேகம், வினைவகை, மாறிலியின் அலகு (2 விரிவுரைகள்): ஏ 3, பி 2, சி 1, மொத்தம் 6
2. தொகைப்படுத்திய வேகவிதிகள், அரைவாழ் காலம் (3 விரிவுரைகள்): ஏ 5, பி 2, சி 2; மொத்தம் 9
3. வெப்பநிலை, அர்ஹீனியஸ் சமன்பாடு (2 விரிவுரைகள்): ஏ 3, பி 0, சி 3, மொத்தம் 6
4. வினைவழிமுறை, நிலைத்த நிலைத் தோராயம் (3 விரிவுரைகள்): ஏ 4, பி 2, சி 3, மொத்தம் 9

இப்போது நான்காம் அலகு பிடிக்கவில்லை என்பதற்காக அதைத் தவிர்க்க இயலாது. ஒன்பது மதிப்பெண்ணுக்கு அங்கிருந்து வினா எழுதியே ஆக வேண்டும். ஓர் இடத்தில் வினா எழுத முடியாமல் கை நின்றால், அதுவே தேர்வுக்கு முன் கிடைத்த முதல் முடிவு. அந்தக் கட்டத்தை வட்டமிட்டுவிட்டுப் பாடநூலுக்குச் செல்ல வேண்டும்.

மூன்றாவதாக, வினா எழுதுதல். நான் அதிக நேரம் செலவிடச் சொல்வது இங்கேதான்.

குறிப்பேட்டில் ஒரு வரி இருக்கிறது: முதல்வகை வினையின் அரைவாழ் காலம் தொடக்கச் செறிவைச் சாராது. இதிலிருந்து, அரைவாழ் காலம் தொடக்கச் செறிவைச் சாராத வினை எது என்று கேட்டால், அது குறிப்பின் வரியைத் திருப்பிப் போட்டதேயன்றி வினா ஆகாது. வரியை நினைவில் வைத்திருப்பவர், அதன் பொருள் தெரியாமலே விடை தருவார். அவ்வரி தெரிந்தவர் எங்கே தவறுவார் என்று யோசித்து அங்கே வினாவை வைக்க வேண்டும். அவர் தவறுவது அவ்விதி பொருந்தாத இடத்தில்தான்.

ஆகவே பகுதி ஏ-வின் இரண்டு மதிப்பெண் வினா இப்படி அமையலாம்: ஒரே வினைபடுபொருள் கொண்ட இரண்டாம்வகை வினை 10 நிமிடத்தில் 50 விழுக்காடு நிறைவுறுகிறது. தொடக்கத்திலிருந்து 75 விழுக்காடு நிறைவுற ஆகும் நேரம் எவ்வளவு? தெரிவுகள்: 15, 20, 30, 40 நிமிடங்கள்.

விடை 30. இரண்டாம்வகை வினைக்கு

1/[A] − 1/[A]₀ = kt

என்பது விதி. பாதியாகும்போது இடப்பக்கம் 1/[A]₀, கால்பங்காகும்போது 3/[A]₀. ஆகவே நேரம் மும்மடங்கு. இனித் தவறான மூன்று தெரிவுகளைக் கவனியுங்கள். அவை மனம்போன போக்கில் இட்ட எண்கள் அல்ல. 15 என்று குறித்தவர் நேர்விகிதத்தில் சிந்தித்திருக்கிறார். அதாவது பூஜ்ஜிய வகை வினையாக நடத்தியிருக்கிறார். 20 என்று குறித்தவர் இரண்டு அரைவாழ் காலம் என்று முதல்வகையின் பழக்கத்தை இங்கே கொண்டுவந்திருக்கிறார். 40 என்று குறித்தவர் விதியைச் சரியாக எடுத்து, 1/[A]₀ என்பதைக் கழிக்க மறந்திருக்கிறார். எனவே தவறிய விடையே தவற்றின் பெயரைச் சொல்லிவிடுகிறது. தெரிவுகளை இவ்வாறு பிழைகளிலிருந்து பெறாமல் 30, 33, 36, 39 என்று இட்டால், தவறியவர் எதனால் தவறினார் என்பது யாருக்கும் தெரியாது.

எண்விடை வினாவில் தெரிவுகளே இல்லை. அங்கே இந்த வேலையை விடைக்குறிப்பு செய்ய வேண்டும். எடுத்துக்காட்டு: 300 K-யிலிருந்து 310 K-க்கு வெப்பநிலை உயரும்போது வினைவேக மாறிலி இருமடங்காகிறது, கிளர்வு ஆற்றல் எத்தனை kJ/mol?

Ea = R × ln 2 × T₁T₂/(T₂ − T₁)

R-ஐ 8.314 J/(mol K) என்று கொண்டால் விடை 53.6. விடைக்குறிப்பில் 53.0 முதல் 54.0 வரை என்று வரம்பு கொடுக்க வேண்டும். உண்மைத் தேர்விலும் எண்விடைக்கு இத்தகைய வரம்பே தரப்படுகிறது. அதனருகே மூன்று தவறான எண்களையும் எழுதி வைக்கிறேன். 23.3 வந்தால், இயல் மடக்கைக்குப் பதில் பத்தடி மடக்கையை இட்டு 2.303-ஐ விட்டிருக்கிறார். 0.58 வந்தால், வெப்பநிலையை 27, 37 என்று செல்சியசிலேயே இட்டிருக்கிறார். 53,600 என்று எழுதியிருந்தால் முறை முழுவதும் சரி; அலகை மட்டும் மாற்றவில்லை. மூன்றுக்கும் மதிப்பெண் சுழியம்தான். ஆனால் மூன்றுக்கும் மருந்து வேறு.

பகுதி பி-யில் ஓர் எச்சரிக்கை போதும். நான்கு கூற்றுகளில் மூன்று சரி, ஒன்று தவறு என்ற அமைப்பையே ஒவ்வொரு வினாவுக்கும் வைக்கும் பழக்கம் பலரிடம் உண்டு. தாமே எழுதிய தாள் ஆகையால் அந்தப் பழக்கம் விடையைக் காட்டிக்கொடுத்துவிடும். மூன்று வினாக்களில் ஒன்றுக்கு ஒரே சரியான விடை, ஒன்றுக்கு இரண்டு, ஒன்றுக்கு மூன்று என்று மாற்றி அமைக்க வேண்டும்.

விடைக்குறிப்பைத் தேர்வு எழுதுவதற்கு முன்பே முடித்து, உறையிலிட்டுவிட வேண்டும். பின்னர் எழுதினால், எழுதிய விடைக்கு ஏற்பக் குறிப்பு வளையும். இன்னொன்று: குறிப்பேடே பிழையாக இருக்கலாம். வகுப்பில் விரைந்து எழுதியபோது குறியொன்று மாறியிருக்கும். எனவே விடைக்குறிப்பில் உள்ள ஒவ்வொரு சமன்பாட்டையும் அட்கின்சின் நூலிலோ பூரி–சர்மா–பதானியா நூலிலோ ஒருமுறை சரிபார்ப்பது அவசியம். தவறான குறிப்பிலிருந்து எழுதிய வினாவுக்குத் தவறான விடைக்குறிப்பை வைத்து முழு மதிப்பெண் வாங்குவதைப் போன்ற ஆபத்து வேறில்லை.

நான்காவதாக, தேர்வு எழுதுதல்.

தாமே எழுதிய வினாவை மறுநாளே எழுதினால், அங்கே நடப்பது நினைவுகூர்தல், தீர்த்தல் அன்று. முப்பது என்ற எண் கண்முன் நிற்கும். இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, தாளைப் பத்துப் பன்னிரண்டு நாள் மூடி வைத்து, எழுதும் நாளில் வினாக்களின் வரிசையைக் குலைப்பது. மற்றொன்று, அதனினும் சிறந்தது, இருவர் ஒரே திட்ட வரைவைக் கொண்டு தனித்தனியே தாள் எழுதி மாற்றிக்கொள்வது. விடுதியில் ஒரே வகுப்பைச் சேர்ந்த இருவர் இருந்தாலே போதும்.

ஜாம் கணினியில் நடக்கும் தேர்வு. கையில் கணிப்பான் கொண்டுசெல்ல இயலாது; திரையில் தோன்றும் கணிப்பானையே சுட்டியால் அழுத்திப் பயன்படுத்த வேண்டும். ஆகவே வீட்டிலும் கணினித் திரையிலுள்ள கணிப்பானையே பயன்படுத்துங்கள். மடக்கைக் கணக்கொன்றைச் சுட்டியால் அழுத்தி முடிக்க ஆகும் நேரம் கைக்கணிப்பானில் ஆவதைவிட அதிகம். அந்த வேறுபாட்டைத் தேர்வறையில் முதன்முதலாக அறியலாகாது.

விடையின் அருகே ஓர் எழுத்து இட வேண்டும். உறுதியாகத் தெரிந்தால் உ, ஐயமிருந்தால் ஐ, வெறும் ஊகமென்றால் ஊ. அரை நொடி வேலை இது. பதினெட்டாம் நிமிடத்திலும் முப்பத்தாறாம் நிமிடத்திலும் மணி ஒலிக்கச் செய்து, அப்போது எந்த வினாவில் இருக்கிறோமோ அங்கே ஒரு கோடு கிழிக்க வேண்டும். ஐம்பத்து நான்காம் நிமிடத்தில் நீல மை நிற்கிறது. ஆனால் தேர்வு முடியவில்லை. விட்டுப்போன வினாக்களைப் பச்சை மையால், நேரக் கட்டுப்பாடின்றி முடிக்க வேண்டும். நீலத்துக்கும் பச்சைக்கும் உள்ள இடைவெளிதான் தெரியாமையையும் நேரமின்மையையும் பிரித்துக் காட்டும் ஒரே அடையாளம்.

இனி மதிப்பீட்டுத் தாள். இதில் எட்டு நிரல்கள் போதும்: வினா எண், பகுதி, அலகு, மதிப்பெண், உ/ஐ/ஊ, பெற்றது, இழந்தது, காரணம். இழந்தது என்னும் நிரலில் கழிவையும் சேர்க்க வேண்டும். இரண்டு மதிப்பெண் வினா பகுதி ஏ-வில் தவறினால் இழப்பு இரண்டு அன்று, 2⅔. காரணம் என்னும் நிரலில் ஐந்து சொற்களுள் ஒன்று மட்டும் வரலாம்: தெரியாது, கருத்துப்பிழை, கணக்கு அல்லது அலகு, வாசிப்புப் பிழை, நேரம். கவனக்குறைவு என்ற சொல்லுக்கு இத்தாளில் இடமில்லை. அச்சொல் எதையும் விளக்காது. ஆறுதல் மட்டும் தரும்.

ஒரு மாணவி இத்தாளை எழுதினார் என்று கொண்டு கணக்கிடுவோம்.

பகுதி ஏ-வில் ஒரு மதிப்பெண் வினாக்கள் மூன்றில் இரண்டு சரி, ஒன்று தவறு. இரண்டு மதிப்பெண் வினாக்கள் ஆறில் மூன்று சரி, இரண்டு தவறு, ஒன்று விட்டுவிட்டார். பெற்றது 8, கழிவு 1/3 + 4/3, அதாவது 1⅔, நிகரம் 6⅓. பகுதி பி-யில் ஒன்று சரி, இரண்டு தவறு: 2. பகுதி சி-யில் ஒரு மதிப்பெண் வினாக்களில் இரண்டும், இரண்டு மதிப்பெண் வினாக்களில் இரண்டும் சரி. ஒரு மதிப்பெண் வினா ஒன்று தவறு. இரண்டு மதிப்பெண் வினா ஒன்றைத் தொடவில்லை: 6. மொத்தம் 30-க்கு 14⅓. இழப்பு 15⅔.

வழக்கமாக இதற்கு மேல் என்ன செய்வார்கள்? அலகுவாரியாகப் பிரிப்பார்கள். முதல் அலகில் இழப்பு 3, இரண்டாம் அலகில் 5⅓, மூன்றாம் அலகில் 1⅓, நான்காம் அலகில் 6. நான்காம் அலகுதான் பலவீனம் என்று முடிவு கட்டி, வினைவழிமுறை பற்றிய மூன்று விரிவுரைகளையும் மீண்டும் படிக்க அமர்வார்கள். பயிற்சி மையங்கள் தரும் வண்ண வரைபடங்களும் பெரும்பாலும் இந்த இடத்தில் நின்றுவிடுகின்றன.

காரணம் என்னும் நிரலைப் பார்த்தால் கதை வேறு. நான்காம் அலகில் இழந்த 6 மதிப்பெண்ணில் 4, நேரமின்மையால் விட்ட இரண்டு வினாக்கள். அவ்விரண்டையும் பச்சை மையில் ஏழே நிமிடத்தில் சரியாக முடித்திருக்கிறார். நான்கு மதிப்பெண்ணுக்குரிய நேரமும் ஏறத்தாழ அதுவே. ஆகவே அந்த அலகில் அவருக்கு உண்மையில் தெரியாதது, பகுதி பி-யின் ஒரு வினா மட்டும், 2 மதிப்பெண். மணியொலிக் கோடுகளைப் பார்த்தால் நேரம் போன இடமும் தெரிகிறது. முப்பத்தாறாம் நிமிடத்தில்தான் பகுதி ஏ-வை முடித்திருக்கிறார். பதினைந்து மதிப்பெண்ணுக்குரிய நேரம் இருபத்தேழு நிமிடம். ஒன்பது நிமிடக் கடன் அங்கே விழுந்து, நான்காம் அலகின் கணக்கில் வந்து நின்றிருக்கிறது.

மிகப் பெரிய இழப்பு இரண்டாம் அலகில் இருக்கிறது. அங்கே தவறியவை இரண்டு மதிப்பெண் வினாக்கள் இரண்டு, இழப்பு 5⅓. இரண்டிலும் அவர் இட்டிருந்த எழுத்து உ. ஒன்று மேலே கண்ட இரண்டாம்வகை வினா. 20 என்று குறித்திருக்கிறார். மற்றொன்று: பூஜ்ஜிய வகை வினையொன்றில் தொடக்கச் செறிவு 0.4 M, அரைவாழ் காலம் 20 நிமிடம், 0.8 M-இல் தொடங்கினால் முழுவதும் முடிய எவ்வளவு நேரம்? இருபது நிமிடத்தில் 0.2 M குறைவதால் வேகம் நிமிடத்துக்கு 0.01 M, ஆகவே விடை 80 நிமிடம். அவர் 40 என்று குறித்திருக்கிறார். அரைவாழ் காலம் மாறாது என்று கொண்டு அதை இருமடங்காக்கியிருக்கிறார். இரண்டு வினாக்கள், இரண்டு வெவ்வேறு வினைவகைகள். ஆனால் பிழை ஒன்றே. அரைவாழ் காலம் செறிவைச் சாராது என்னும் முதல்வகையின் பண்பை எல்லா வகைக்கும் உரியதாக மனம் பதித்துக்கொண்டிருக்கிறது.

இத்தகைய பிழையைக் குறிப்பேட்டை மீண்டும் படித்துத் தீர்க்க முடியாது. உறுதியாகத் தெரியும் என்று நம்புகிற பக்கத்தைக் கண் விரைவாகத் தாண்டும். பூஜ்ஜியம், முதல், இரண்டாம் வகை மூன்றுக்கும் வேகவிதியைத் தொகைப்படுத்தி, அரைவாழ் காலத்தைத் தாமே வருவித்து, ஒரே தாளில் அருகருகே எழுதினால் அரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும். மூன்று விரிவுரைகளை மீண்டும் படிப்பதற்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை எண்ணிப் பாருங்கள்.

மீதியையும் முடித்துவிடுவோம். பகுதி பி-யின் மற்றொரு தவறு, தவறான கூற்றுகள் எவை என்று கேட்டதைச் சரியான கூற்றுகள் எனப் படித்தது, 2. பகுதி சி-யில் அரைவாழ் காலம் 30 நிமிடமுள்ள முதல்வகை வினையின் மாறிலியை நொடி அலகில் கேட்டதற்கு 0.0231 என்று நிமிட அலகில் விடை தந்தது, 1. மூன்றாம் அலகில் தெரியாமல் ஊகித்துத் தவறியது, 1⅓. ஆகக் காரணவாரியான கணக்கு: கருத்துப்பிழை 5⅓, நேரம் 4, தெரியாது 3⅓, வாசிப்பு 2, அலகு 1. மொத்தம் 15⅔, கணக்கு நேராகிறது. நேராகாவிட்டால் தாளில் எங்கோ ஏய்ப்பு இருக்கிறது என்று பொருள்.

ஊகம் பற்றி ஒரு சொல். நான்கு தெரிவுகளில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைக் குறித்தால், கால்பங்கு வாய்ப்பில் 1 கிடைக்கும். முக்கால்பங்கு வாய்ப்பில் 1/3 போகும். சராசரி சுழியம். ஒரு தெரிவை உறுதியாக விலக்க முடிந்தால் சராசரி 1/9 என்று நமக்குச் சாதகமாகிறது. ஆகவே தேர்வறையில் ஊகம் பாவமன்று. ஆனால் மதிப்பீட்டுத் தாளில் ஊகத்தால் வந்த மதிப்பெண் கடன்தான். மேற்சொன்ன மாணவியின் பகுதி ஏ-வில் சரியான ஒரு மதிப்பெண் விடைகளுள் ஒன்றன் அருகே ஊ இருந்தால், தேர்வு மதிப்பெண் 14⅓ ஆக இருக்கட்டும். அறிவின் மதிப்பெண் 13⅓. அவ்வினாவையும் தவறிய வினாவாகவே கொண்டு படிக்க வேண்டும்.

இதற்கு எதிராகச் சொல்லப்படுவன இரண்டு. முதலாவது, பதினெட்டு வினாக்களை இவ்வாறு எழுத ஒரு முழு நாள் போய்விடும். அந்நேரத்தில் விலைக்கு வாங்கிய தாள்கள் நான்கை எழுதிவிடலாமே என்பது. வினாவுக்குக் கால் மணி என்று கொண்டாலும் நாலரை மணி நேரம் ஆகும், மறுக்கவில்லை. ஆயினும் அந்நேரம் வினாத்தாளுக்கு மட்டும் போகவில்லை. 20 என்று ஒருவர் ஏன் குறிப்பார் என்று யோசித்தவர் அப்பாடத்தைப் படித்துக்கொண்டுதான் இருக்கிறார். தன்னைத் தானே சோதிப்பது மீண்டும் படிப்பதைவிட நெடுநாள் நிற்கிறது என்பதை ரோடிகர், கார்ப்பிக் ஆகியோர் 2006இல் வெளியிட்ட ஆய்வு தெளிவாகக் காட்டியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மீண்டும் படித்தவர்களே முன்னின்றனர். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்தினர். மீண்டும் படித்த மாலையில் வரும் நிறைவு உண்மையானதுதான். அது ஒரு வாரம் தாங்குவதில்லை. வாங்கிய தாள்கள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மூன்று மணி நேரம் அமரும் பழக்கத்துக்கும், பிறரோடு ஒப்பிட்டு அறிவதற்கும் அவை தேவை. ஆனால் அவற்றை எழுதும் முன் ஒவ்வொரு பாடத்துக்கும் இத்தகைய சிறு தாள் ஒன்றேனும் எழுதியிருக்க வேண்டும்.

இரண்டாவது எதிர்வாதம் வலிமையானது. குறிப்பேட்டிலிருந்து எழுதிய தாள், குறிப்பேட்டில் இல்லாததை ஒருபோதும் கேட்காது. ஆசிரியர் நடத்தாமல் விட்ட பகுதி தாளிலும் விடுபடும். அங்கே முப்பதுக்கு முப்பது வாங்கினாலும் உண்மைத் தேர்வில் பயனில்லை. இது சரியே; இம்முறையின் எல்லை இதுதான். இத்தாளின் மதிப்பெண்ணை வைத்துத் தரவரிசையைக் கணிக்கக் கூடாது. ஜாமின் பழைய வினாத்தாள்கள் இணையத்தில் அதிகாரபூர்வமாகக் கிடைக்கின்றன. அவற்றிலிருந்து வேகவியல் வினாக்களை மட்டும் பொறுக்கி எடுத்து, விடை காணாமல், ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: இதைத் தீர்க்கத் தேவையான செய்தி என் குறிப்பேட்டில் இருக்கிறதா? இல்லை என்ற விடை வரும் இடங்களைத் திட்ட வரைவில் ஐந்தாம் வரியாகச் சேர்த்து, அதற்குரிய மதிப்பெண்ணை மற்ற நான்கிலிருந்தும் பிடுங்கிக் கொடுக்க வேண்டும்.

ஜாம் ஆண்டுக்கு ஒருமுறைதான் வருகிறது. மாநிலப் பல்கலைக்கழகக் கல்லூரிகளில் பயிலும் பலருக்கு, எதிர்மறை மதிப்பெண் என்பது பிப்ரவரியில் அத்தேர்வறையில்தான் முதன்முதலாக அறிமுகமாகிறது. நகரத்துப் பயிற்சி மையத்தின் கட்டணத்தை எல்லோராலும் தர இயலாது. வரைகோட்டுத் தாள் ஒன்று, இரண்டு நிற மை, நம்பிக்கைக்குரிய ஒரு தோழர், ஒரு விரிவுரைக் குறிப்பேடு, இவை எல்லோரிடமும் உண்டு. இரண்டாம் தாளை எழுதியபின் முதல் தாளோடு ஒப்பிடும்போது, கூட்டுத்தொகை ஏறியதா என்று முதலில் பார்க்க வேண்டாம். உ என்று குறித்துத் தவறிய வினாக்கள் குறைந்தனவா என்று பாருங்கள். கூட்டுத்தொகை 14-இலேயே நின்று, அந்த எண்ணிக்கை இரண்டிலிருந்து சுழியமானால், அந்த மாணவி முன்னேறிவிட்டார். அவர் இனி இழப்பவை நேரமும் பழக்கமும் தீர்த்துவிடக் கூடியவை.